32 லட்சம் வீடு, 27 லட்சம் கடன்: நடுவில் விடுபட்ட பணம்

வாசகர் கடிதம்

நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். கணவர் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். இருவருக்கும் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் கைக்கு வருகிறது. காட்பாடி கழிஞ்சூரில் பழைய வீடு ஒன்றை 32 லட்சத்துக்குப் பேசி, 2 லட்சம் அட்வான்ஸை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்து அக்ரிமென்ட் போட்டோம். அதைப் பதிவு செய்யவில்லை. மூன்று மாதக் கெடுவில் ஐந்து வாரம் போய்விட்டது.

90 சதவீதம் லோன் கிடைக்கும் என்று லோன் ஏஜென்ட் சொன்னதால், கையில் இருக்கும் மூன்றரை லட்சம் போதும் என்று நினைத்தோம். இப்போது வங்கி 27 லட்சம்தான் தருகிறது. மாடி அறை பிளானில் இல்லை என்று வீட்டை 30 லட்சத்துக்கு மதிப்பிட்டார்களாம். பத்திரச் செலவுக்கும் பணம் தரமாட்டார்களாம். என் பெயரில் பதிந்தால் கட்டணம் குறையும் என்கிறார்கள். தோழி ஒருத்தி ஃப்ளாட்டுக்கு 6 சதவீதம்தான் கட்டினாளாம். வீட்டுக்காரரோ, கைட்லைன் மதிப்பான 24 லட்சத்துக்கே பத்திரம் போடலாம், மீதி 8 லட்சத்தை ரொக்கமாகக் கொடுங்கள், செலவு மிச்சம் என்கிறார். பத்திரச் செலவுக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா? வங்கி எங்களை ஏமாற்றுகிறதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

வழக்கறிஞர் பதில்

அன்புள்ள சகோதரி,

வங்கி உங்களை ஏமாற்றவில்லை. உங்கள் கணக்கு தவறியதற்குக் காரணம், ஏஜென்ட் சொன்ன 90 சதவீதம் எதன்மேல் என்று யாரும் உங்களுக்கு விளக்காததுதான்.

30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு 90 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அது உச்சவரம்பு. தந்தே ஆக வேண்டும் என்ற கட்டளை இல்லை. நீங்கள் பேசிய விலை ஒன்று, வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதும் மதிப்பு இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதன்மேல்தான் வங்கி சதவீதம் போடும். உங்கள் வீட்டுக்கு மதிப்பு 30 லட்சம், அதில் 90 சதவீதம் 27 லட்சம். ஆகவே உங்களுக்கு அவர்கள் உச்ச அளவையே கொடுத்திருக்கிறார்கள். விலைக்கும் கடனுக்கும் நடுவில் இருக்கும் 5 லட்சத்தை மார்ஜின் என்பார்கள். அது முழுக்க உங்கள் கைப்பணம்.

பத்திரச் செலவு இதற்கு மேல் தனி. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், ஆவணச் செலவு ஆகியவற்றை வீட்டின் விலையோடு சேர்த்துக் கடனைக் கணக்கிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. காரணம் எளிது. நாளை தவணை நின்று வீட்டை விற்க நேர்ந்தால், வங்கிக்கு வீட்டின் விலை கிடைக்கும். அரசுக்குக் கட்டிய தீர்வை திரும்ப வராது. 2015-ல் ஒரு விலக்கு கொடுத்தார்கள். வீட்டின் விலை 10 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் இந்தச் செலவுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் வீடு அந்த வரம்புக்குள் வராது.

பதிவுக்கு எவ்வளவு ஆகும்?

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 2023 மார்ச் வரை பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. பழைய கணக்கை மனதில் வைத்து 11 சதவீதம் என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். பத்திரத்தில் எழுதும் விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு, இந்த இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இந்த 9 சதவீதம் விழும். கவனித்தீர்களா? வங்கி குறைவானதைப் பார்க்கிறது, அரசு அதிகமானதைப் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையில் வருகிற வித்தியாசம் வாங்குபவர் தலையில்தான்.

உங்களுக்கு 32 லட்சத்தின்மேல் முத்திரைத் தீர்வை 2,24,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 64,000 ரூபாய். மொத்தம் 2,88,000.

பெண்கள் பெயரில் பதிந்தால் சலுகை என்பது உண்மை. 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். ஆனால் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான் அது. உங்கள் பெயரில் வாங்குவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம், இந்தச் செலவு அதனால் குறையாது. தோழி சொன்ன 6 சதவீதமும் பொய் இல்லை. கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக, 50 லட்சத்துக்குள் வாங்கும் புதிய அடுக்குமாடி வீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் தீர்வை 4 சதவீதம், கட்டணம் 2 சதவீதம். கைமாறி வருகிற தனி வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இன்னொரு பதிவும் இருக்கிறது, பலர் கடைசி நாள் வரை அதை நினைப்பதில்லை. அசல் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைப்பதற்கான ஆவணத்தையும் பதிவு செய்ய வேண்டும். சார் பதிவாளர் அலுவலக வாசலில் 'எம்ஓடி' என்றால் எல்லோருக்கும் புரியும். கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, உச்சவரம்பு 30,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், ஆனால் உச்சவரம்பு 6,000. 27 லட்சத்துக்கு 13,500-ம் 6,000-மாக 19,500 ரூபாய். கடனுக்காகவே நடக்கிற பதிவு, அதற்கும் கடன் கிடையாது.

வங்கியின் பிராசசிங் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, சட்டக் கருத்துக்கும் மதிப்பீட்டுக்குமான கட்டணம் ஆகியவை வங்கிக்கு வங்கி மாறும். சேர்த்து 20,000 என்று வையுங்கள். ஆவண எழுத்தர், நகல், அலைச்சல் செலவு 10,000. தரகர் இருந்து 1 சதவீதம் பேசியிருந்தால் 32,000. மார்ஜின் 5 லட்சத்தோடு எல்லாவற்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட 8 லட்சத்து 70 ஆயிரம். நீங்கள் கொடுத்த அட்வான்ஸும் கையிருப்பும் சேர்ந்தால் ஐந்தரை லட்சம். பள்ளம் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம்.

வங்கியின் அனுமதிக் கடிதத்தில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் காப்பீட்டுக்கு ஒரே தவணையாக ஒரு பிரீமியத்தைச் சேர்த்திருக்கிறார்களா? பத்திரச் செலவுக்கு ஒரு ரூபாய் தராத வங்கி, காப்பீட்டு பிரீமியத்தை மட்டும் சந்தோஷமாகக் கடனில் சேர்த்துக்கொள்ளும். அந்த பிரீமியம் 27 லட்சத்துக்குள் அடங்கியதா, அதற்கு மேலா என்று கேளுங்கள். உள்ளே என்றால் வீட்டுக்காரருக்குப் போகும் டிடி அந்த அளவுக்குக் குறையும், உங்கள் பள்ளம் பெரிதாகும். அந்தக் காப்பீட்டை அவர்களிடமே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம்.

24 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால்

வீட்டுக்காரர் சொல்வது கேட்க இனிப்பாக இருக்கும். 8 லட்சத்தை மறைத்தால் 9 சதவீதம், அதாவது 72,000 ரூபாய் மிச்சம். நம் ஊரில் பல காலமாக நடக்கிற பழக்கம்தான். கடன் வாங்காமல் முழுப் பணத்தோடு வருகிறவர்கள் ஏற்படுத்திய பழக்கம் அது. அதன் சட்டச் சிக்கலை அப்புறம் பார்ப்போம், முதலில் உங்கள் பணக் கணக்கைப் பாருங்கள்.

பத்திரத்தில் 24 லட்சம் என்று எழுதினால், வங்கிக்கு வீட்டின் விலை 24 லட்சம்தான். அதில் 90 சதவீதம் 21 லட்சத்து 60 ஆயிரம். கடன் 5 லட்சத்து 40 ஆயிரம் குறைந்துவிடும். வீட்டுக்காரருக்கோ 32 லட்சமும் போய்ச் சேர வேண்டும். ஆக உங்கள் கையிலிருந்து 10 லட்சத்து 40 ஆயிரமும், 24 லட்சத்தின் 9 சதவீதமாக 2 லட்சத்து 16 ஆயிரமும் போகும். மொத்தம் 12 லட்சத்து 56 ஆயிரம். முழு விலைக்கே பதிந்தால் இதே இரண்டு இனங்களுக்கு 7 லட்சத்து 88 ஆயிரம் போதும். 72,000 ரூபாயை மிச்சப்படுத்த 4 லட்சத்து 68 ஆயிரத்தைக் கூடுதலாகத் தேட வேண்டி வரும்.

'அக்ரிமென்ட் 32-க்கு, பத்திரம் 24-க்கு, வங்கிக்குத் தெரியாது' என்று ஏஜென்ட் யாராவது சொல்லக்கூடும். தெரியாமல் போகாது. விலை எந்த டிடி மூலம், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 24 லட்ச ரூபாய்ப் பத்திரத்துக்கு 27 லட்சத்துக்கு டிடி எப்படி வரும்? வரைவுப் பத்திரத்தை வங்கி வழக்கறிஞர் படிக்கும்போதே இது நின்றுவிடும். பதிவன்று டிடியோடு வரும் வங்கி அலுவலர் திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, சட்டம். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் ரொக்கத்தைப் பெற்ற விற்பவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம். வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பக்கம் ஆபத்து வேறு. பத்திரம் ஏதாவது காரணத்தால் நின்றுபோனால் அந்த 8 லட்சத்தைக் கொடுத்ததற்கு உங்களிடம் ஒரு சீட்டும் இருக்காது. பிற்காலத்தில் விற்கும்போதும் நீங்கள் வாங்கிய விலை 24 லட்சம் என்றே கணக்காகும், லாபம் பெரிதாகத் தெரியும், அதற்கேற்ப வரியும் வரும்.

இதற்கு நேர் எதிரான யோசனை ஒன்றும் வரலாம். விலையை 36 லட்சம் என்று ஏற்றிக் காட்டி, பத்திரச் செலவையும் கடனிலேயே எடுத்துவிடலாம் என்பார்கள். மதிப்பீடு 30 லட்சத்தில் நிற்கும்வரை கடன் ஒரு ரூபாயும் ஏறாது. ஏற்றிய விலைக்கு 9 சதவீதம் மட்டும் கூடும். பொய் விலை காட்டிக் கடன் கேட்ட பழியும் மிஞ்சும்.

பர்சனல் லோன் எடுக்கலாமா?

இப்போது எடுக்காதீர்கள். 27 லட்சத்துக்கு எட்டரை சதவீதத்தில் 20 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 23,400. உங்கள் வருமானத்தில் பாதி, அதாவது 30,000 வரை தவணைக்குப் போகலாம் என்று வங்கி வைத்திருந்தால் அது அடங்கும். 3 லட்சம் பர்சனல் லோனை 14 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் அதற்கு மட்டும் மாதம் 10,250. வீட்டுக்கடனுக்கு மீதி இருப்பது 19,750. அதற்கு ஏற்ற கடன் 22 லட்சத்து 75 ஆயிரம் அளவுதான். டிடி எடுக்கும் முன் பல வங்கிகள் சிபில் அறிக்கையை மறுபடி பார்க்கின்றன. புதுக் கடன் அதில் தெரிந்தால் அனுமதித்த தொகையையே குறைப்பார்கள். மூன்று லட்சத்தைத் தேடப்போய் நாலு லட்சத்தை இழப்பீர்கள்.

நகைக் கடனுக்கு வட்டி குறைவு, பெரும்பாலும் மாதத் தவணையும் இல்லை. ஆனால் அதுவும் சிபிலில் தெரியும். அடகு வைப்பதானால் வங்கி அதிகாரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது உங்கள் இருவரின் பிஎஃப் கணக்கு. வீடு வாங்க அதிலிருந்து திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத முன்பணம் எடுக்க விதி இருக்கிறது. வீடு உறுப்பினர் பெயரிலோ, கணவன் அல்லது மனைவி பெயரிலோ, இருவர் கூட்டுப் பெயரிலோ இருக்க வேண்டும். அண்ணன், தம்பியோடு கூட்டாக வாங்கினால் கிடைக்காது. ஓய்வுக்காலப் பணம் என்ற தயக்கம் நியாயமானதுதான். ஆனால் 14 சதவீத வட்டியோடு ஒப்பிட்டால் இதுவே மேல். பெயர், பிறந்த தேதி, ஆதார் பொருந்தாமல் விண்ணப்பம் தள்ளுபடியாவது சாதாரணம். ஆகவே இந்த வாரமே ஆன்லைனில் விண்ணப்பியுங்கள்.

விலையைக் குறைத்துக் கேளுங்கள்

நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொன்ன விஷயம் ஒன்றுதான் இந்த வழக்கில் உங்கள் பலம். மாடி அறைக்கு பிளான் அனுமதி இல்லை. வங்கி அதை மதிப்பிலேயே சேர்க்கவில்லை. அப்படியிருக்க, அதற்கு நீங்கள் மட்டும் ஏன் முழு விலை கொடுக்க வேண்டும்? நாளை அந்த அறையால் மாநகராட்சியில் சிக்கல் வந்தாலும் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

இதைச் சொல்லி, 30 லட்சத்துக்கு முடித்துத் தருமாறு வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கடன் 27 லட்சமாகவே நிற்கும், மதிப்பீடு மாறவில்லை அல்லவா? மார்ஜின் 5 லட்சத்திலிருந்து 3 லட்சமாகும். பத்திரச் செலவு 2,70,000 ஆகும். தரகும் கொஞ்சம் குறையும். மொத்தத் தேவை ஆறரை லட்சத்துக்குள் வந்துவிடும், பள்ளம் ஒரு லட்சம்தான். அவர் 31 லட்சத்தில் நின்றாலும் நஷ்டமில்லை. குறையும் ஒவ்வொரு லட்சத்துக்கும் உங்களுக்கு 1,10,000 ரூபாய் இறங்குகிறது. வேறு வங்கி கேட்டாலும் இதே அறை இதே மாதிரி மதிப்பைக் குறைக்கும் என்பதை அவருக்கும் சொல்லுங்கள். கடன் வாங்கி வருகிற அடுத்த ஆளும் இதே இடத்தில்தான் நிற்பார்.

புதிய விலை படிந்தால் அக்ரிமென்டை மறுபடி எழுதி, இம்முறை பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் 'ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடு' என்ற வழக்கில் சான்றாகக் காட்டலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் 2 லட்சம் அம்போ என்று போய்விடவில்லை. ஆனால் பதிந்தால் அந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். அதன்பின் வீட்டுக்காரர் இன்னொருவரிடம் பேரம் பேசினால், வில்லங்கம் பார்க்கும் எவருக்கும் உங்கள் பெயர் தெரியும். அதில் இரண்டு வரி சேருங்கள்: வங்கிக் கடன் 27 லட்சத்துக்குக் குறைந்தால் அட்வான்ஸை இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும், வங்கி தாமதத்தால் கெடு தாண்டினால் 30 நாள் நீட்டிப்பு உண்டு.

பணம் போகும் வரிசை

தொகை சரியாக இருந்தும் நாள் தவறிச் சிக்குகிறவர்கள் உண்டு. மார்ஜின் பணத்தை வீட்டுக்காரருக்குக் கணக்கு வழியாகக் கொடுத்ததற்கு ஆதாரம் பார்த்த பிறகே வங்கி டிடி எடுக்கும். தீர்வையையும் கட்டணத்தையும் tnreginet.gov.in தளத்தில் முன்கூட்டியே செலுத்தினால்தான் பதிவு டோக்கனில் உள்ளே போக முடியும். அலுவலகத்தில் டிடி கைமாறுவது இவை எல்லாவற்றுக்கும் பிறகு. கடன் பணம் வந்ததும் அதிலிருந்து பத்திரச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வழி எந்தக் கட்டத்திலும் இல்லை. பதிவுக்கு ஒரு வாரம் முன்பே 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகை உங்கள் கணக்கில் நிற்க வேண்டும். நெட் பேங்கிங்கில் ஒரு நாள் வரம்பு ஒரு லட்சம் என்று வைத்திருப்பவர்கள் பதிவன்று காலையில்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். முன்பே கூட்டி வையுங்கள்.

பழைய வரிமுறையில் இருப்பவராக இருந்தால், கட்டிய முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் 80சி என்று பழகிய அந்த ஒன்றரை லட்ச வரம்புக்குள் கழிக்கலாம். செலுத்திய ஆண்டில் மட்டும். உங்கள் பிஎஃப் பிடித்தமும் அதே வரம்பைத்தான் தின்னும் என்பதால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

பட்டா பெயர் மாற்றம், சொத்து வரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் ஆகியவை பதிவுக்குப் பிறகு வருபவை, சில ஆயிரங்களில் முடியும். ஆனால் பழைய சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், மின் கட்டணம் ஆகியவற்றின் நிலுவை வீட்டுக்காரர் பொறுப்பு. கடைசி ரசீதுகளை மார்ஜின் பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் கேட்டு வாங்குங்கள். மாடி அறைக்கு வரி போட்டிருக்கிறார்களா என்பதும் அந்த ரசீதிலேயே தெரிந்துவிடும்.